ஸ்லைடு கதையில் கொக்கியை எங்கே போடுவது, திருப்பத்தை எதில் வைப்பது?

இன்ஸ்டாகிராமில் எட்டு, பத்து ஸ்லைடுகளில் சொல்லி முடிக்கும் சஸ்பென்ஸ் குறுங்கதையை எழுத உட்காருகிறவர் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடையும் எந்த இடத்தில் நிறுத்துவது, அதாவது அடுத்ததற்கு இழுக்கும் கொக்கியை எங்கே போடுவது என்பது முதலாவது. கடைசித் திருப்பத்தை எந்த வகையில் அமைப்பது என்பது இரண்டாவது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் திருப்பத்தை முதலில் யோசித்து வைத்துக்கொண்டு, கொக்கிகளைக் கடைசியில், ஸ்லைடு வடிவமைக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே கதையை வெவ்வேறு விதமாக வெட்டிப் பார்த்தால், கொக்கியின் வகையே திருப்பம் எடுபடுமா படாதா என்பதைத் தீர்மானிப்பது தெரியும். அதனால் இந்த இரண்டையும் சேர்த்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

கொக்கி போட்டு நிறுத்துவது தமிழ் வாசகர்களுக்குப் பழகிய உத்திதான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் அதில்தான் ஓடின. ஆனால் தொடர்கதையின் கொக்கி ஒரு வாரம் தாங்க வேண்டும், வாசகர் கடைக்குப் போய் அடுத்த இதழை வாங்கும் வரை மனத்தில் நிற்க வேண்டும். ஸ்லைடின் கொக்கிக்கு அந்தச் சுமை இல்லை. விடை ஒரு விரல் தள்ளலில் இருக்கிறது. இங்கே ஆபத்து வேறு: வாசகர் பக்கவாட்டில் தள்ளாமல் மேலே தள்ளிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். ஒரே அமர்வில் ஏழெட்டு முறை கொக்கி போடுவதால், ஒரே மாதிரிக் கொக்கி மூன்றாவது முறையிலேயே சலிக்கவும் செய்யும். இன்னொரு வேறுபாடும் உண்டு. முடித்தவர் விரலைத் திருப்பித் தள்ளி முதல் ஸ்லைடுக்கே எளிதாகப் போகலாம். இந்த வடிவத்தின் மிகப் பெரிய வசதி இதுதான் என்பது என் கருத்து. கீழே சொல்லும் தேர்வுகள் எல்லாம் அதை ஒட்டியே அமைகின்றன.

ஒப்பீட்டுக்காக எழுதிய ஒரு கதையை முதலில் முழுமையாகத் தருகிறேன். எட்டு ஸ்லைடுகள்.

1. இரவு 9.40. மாடிப்படியில் காலடிச் சத்தம். இந்த நேரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

2. குழந்தை விழித்துக்கொண்டது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. வாயைப் பொத்தி, அள்ளிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

3. பூட்டை உடைக்கும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாவி திரும்பியது.

4. காலடி நேராக அடுப்படிக்குப் போனது. டம்ளரில் கரண்டி மோதுவது கேட்டது. எதையோ கலக்குகிறார்கள்.

5. காலடி இந்த அறைக்குள் வந்தது. எங்கள் தலைக்கு மேல் போர்வை விலகியது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

6. “யாழினி…” தொண்டை அடைத்த ஒரு குரல். பெயரைக் கேட்டதும் குழந்தை என் கைக்குள் துடித்தது.

7. கட்டிலின் ஓரத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. முழங்கால் ஒன்று மெல்லத் தரையில் ஊன்றியது. என் பிடி நழுவியது.

8. “அம்மா!” குழந்தை அவளிடம் ஓடியது. என் பையிலிருந்து அவளுடைய வளையல் ஒன்று உருண்டு போனது.

மூன்றாவது ஸ்லைடில் ஒரு குறை இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தன் குழந்தையோடு வீட்டில் இருக்கிறவர் பூட்டை உடைக்கும் சத்தத்துக்குக் காத்திருப்பது இயல்பு. இந்தக் கதையைச் சொல்லும் ‘நான்’ ஒளிந்திருக்கும் திருடன், அவனுக்கோ அது பொருந்தாது, ஏனென்றால் வருவது வீட்டுக்காரர்தான் என்று அவன் உடனே ஊகித்திருப்பான். எனவே அதை “வாசலில் தட்டும் சத்தம் இல்லை. அழைப்பு மணியும் இல்லை. பூட்டில் சாவி திரும்பியது” என்று மாற்ற வேண்டும். வந்தவர் வீட்டுக்காரர்தானா, பக்கத்து வீட்டுக்காரரா என்று உறுதி செய்துகொள்ளத் திருடனும் அப்படிக் காது கொடுத்துக் கேட்கலாம். இப்படி ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருப்பது இந்த வகைத் திருப்பத்தின் விலை. அந்த விலையைக் கொடுக்கலாமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கொக்கிகள். நடைமுறையில் காணப்படுபவை மூன்று வகை.

முதல் வகை, வாக்கியத்தை நடுவில் அறுப்பது. “கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது…” என்று நிறுத்திவிட்டு, யார் என்பதை அடுத்த ஸ்லைடில் வைப்பது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இப்படி அறுப்பது மிகச் சுலபம், எச்சத்தில் நிறுத்தினாலே போதும். “கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பீரோவுக்குப் பக்கத்தில்…” என்று எழுதினால் கை தானாகத் தள்ளும். ஆனால் அந்தத் தள்ளல் வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பதற்கான தள்ளலே. கதையைப் பற்றிய ஒரு கேள்வி மனத்தில் எழுந்ததால் வந்தது அல்ல. முதல் முறை வேலை செய்யும், இரண்டாம் முறை கொஞ்சம் வேலை செய்யும், மூன்றாம் முறை வாசகருக்கு உத்தி தெரிந்துவிடும். நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. முதல் முறை தள்ளாமல் கடந்து போனவருக்கு, அதே பதிவை மறுமுறை காட்டும்போது இன்ஸ்டாகிராம் இரண்டாவது ஸ்லைடில் இருந்து காட்டுவதுண்டு. அந்த ஸ்லைடு பாதி வாக்கியத்தோடு தொடங்கினால், புதிதாகப் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. மேலே உள்ள கதையின் இரண்டாவது ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பாருங்கள். குழந்தை, காய்ச்சல், வாயைப் பொத்துதல், கட்டிலுக்கு அடி என எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் ஸ்லைடைப் பார்க்காதவரும் அங்கிருந்து கதைக்குள் நுழைந்துவிடலாம்.

இரண்டாம் வகை, செயலைக் காட்டிவிட்டு விளைவை மறைப்பது. கைப்பிடி திரும்புகிறது, கதவு திறக்கிறது, அங்கே நிறுத்தம். மூன்றில் பதற்றத்தை மிக வேகமாக ஏற்றுவது இதுதான், செலவும் இதற்குத்தான் அதிகம். ஏனெனில் அடுத்த ஸ்லைடு அந்த விளைவைத் தந்தே ஆக வேண்டும். பயமுறுத்திவிட்டு அடுத்ததில் பூனை என்று காட்டினால் வாசகர் ஒரு முறை மன்னிப்பார். அதற்குப் பிறகு வரும் கைப்பிடிகளை அவர் நம்பமாட்டார். உண்மையான விளைவையே ஒவ்வொரு முறையும் தந்தால், ஏழு ஸ்லைடுகளில் ஏழு பெரிய சம்பவங்கள் தேவைப்படும், குறுங்கதை அதைத் தாங்காது. ஆகவே இந்த வகையை ஒரு கதையில் ஓரிடத்தில் வைப்பதே சரி. அந்த ஓரிடம் கடைசிக்கு முந்தைய ஸ்லைடு. மேலே உள்ள கதையில் ஏழாவது மட்டுமே இந்த வகை: முழங்கால் ஊன்றிவிட்டது, பிடி நழுவிவிட்டது, இனி முகம் தெரிந்தாக வேண்டும்.

மூன்றாம் வகை, புதிய தகவல் ஒன்றை முழுதாகக் கொடுத்துவிட்டு நிறுத்துவது. வாக்கியம் முடிந்துவிட்டது, செயலும் முடிந்துவிட்டது, ஆனால் கிடைத்த தகவல் புதுக் கேள்வியைக் கிளப்புகிறது. சாவி திரும்பியது என்றால், வந்தவரிடம் சாவி எப்படி வந்தது? அடுப்படியில் எதையோ கலக்குகிறார்கள் என்றால், எதை, யாருக்கு? குழந்தையின் பெயர் அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? வாசகர் தள்ளும்போது கையில் எதையாவது பெற்றுக்கொண்டே தள்ளுகிறார், ஏமாற்றம் எங்கும் இல்லை. இதன் குறை வேகம். மற்ற இரண்டைவிட மெதுவாகப் பிடிக்கும், முதல் ஸ்லைடில் பிடிக்காமலும் போகலாம். அதனால்தான் முதல் ஸ்லைடில் காலடிச் சத்தம் என்ற நேரடியான அபாயம் தேவைப்பட்டது.

நான் மூன்றாம் வகைக்கே பெரும்பங்கு கொடுப்பேன். அதற்கு முக்கியமான காரணம் திருப்பத்தோடு தொடர்புடையது. முதல் இரண்டு வகைகளில் ஸ்லைடின் கடைசி வரி ஒரு மறைப்பு, விடை தெரிந்த பிறகு அந்த வரிக்கு வேலை இல்லை. மூன்றாம் வகையில் கடைசி வரி ஒரு தகவல், அதற்கு இரண்டாவது பொருள் இருக்க முடியும். நான்காவது ஸ்லைடு இதற்கு உதாரணம். கரண்டிச் சத்தம் முதல் வாசிப்பில் அச்சம் தருகிறது. மிரட்டலோ கத்தியோ இல்லாமல், யாரோ ஒருவர் அமைதியாக எதையோ கலக்குவது அதைவிடக் கலவரப்படுத்துகிறது, விஷமோ என்று கூடத் தோன்றும். திருப்பம் தெரிந்து திரும்பிப் போகும்போது அதே கரண்டி, காய்ச்சலில் கிடக்கும் மகளுக்கு மருந்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்த மருந்தைக் கலக்கும் தாயின் கரண்டி ஆகிறது. இரவில் குழந்தையைத் தனியே பூட்டிவிட்டுத் தாய் எங்கே போனாள் என்று எழக்கூடிய கேள்விக்கும் இரண்டாவது ஸ்லைடின் காய்ச்சலும் இந்தக் கரண்டியும் சேர்ந்து பதில் சொல்லிவிடுகின்றன. இதற்கென்று தனி விளக்க வரி எழுதத் தேவையில்லை.

இனித் திருப்பம். இங்கும் மூன்று வழிகள் இருந்தாலும் ஒன்றை உடனே தள்ளிவிடலாம். கதையில் எங்கும் இல்லாத செய்தியைக் கடைசி ஸ்லைடில் கொண்டுவருவது, அதாவது எல்லாம் கனவு, எல்லாம் படப்பிடிப்பு, வந்தது ஆவி என்பது, வாசகரைத் திரும்பிப் போக வைக்காது. திரும்பிப் போனால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. மீதம் உள்ள இரண்டில்தான் உண்மையான போட்டி: சொல்பவர் யார் என்பதை மறைப்பதா, காட்டிய பொருளின் அர்த்தத்தை மாற்றுவதா?

பொருளின் அர்த்தத்தை மாற்றுவது பாதுகாப்பான வழி. இதே கதையில் ஒளிந்திருப்பது உண்மையிலேயே தந்தையாகவும், வந்தவர் சாவி வைத்திருக்கும் வீட்டு உரிமையாளராகவும், கலக்கியது மருந்தாகவும் வைத்து, கரண்டியை மட்டும் திருப்பமாக ஆக்கலாம். எழுதுவது எளிது, பிழை வர வாய்ப்பு குறைவு. ஆனால் ஒரு பொருளின் அர்த்தம் மாறினால் ஒரு ஸ்லைடுதான் மாறும். சொல்பவர் மாறினால் எட்டும் மாறும். முதல் ஸ்லைடின் பை, இரண்டாவதில் பொத்திய கை, ஆறாவதில் குழந்தையின் துடிப்பு என ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். திரும்பித் தள்ளிப் பார்க்கும் வசதி உள்ள வடிவத்தில், எட்டையும் மாற்றும் திருப்பத்துக்கே நான் போவேன்.

இந்தத் தேர்வுக்குத் தமிழில் ஒரு கட்டுப்பாடும் ஒரு உதவியும் உண்டு. படர்க்கையில் எழுதினால் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். “புகுந்தான்” என்றால் ஆண் என்று தெரிகிறது. பெயர் இல்லாத ஒரு “அவன்” குழந்தையோடு ஒளிவதைப் படித்தவுடன் ஏன் பெயர் சொல்லவில்லை என்ற சந்தேகம் வாசகருக்கு வந்துவிடும். தன்மையில் “புகுந்தேன்” என்று எழுதும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆணா பெண்ணா, தாயா தந்தையா அந்நியரா என்று எதுவும் விகுதியில் தெரியாது, வாசகர் தானாகவே ஒரு தாயையோ தந்தையையோ நினைத்துக்கொள்கிறார். வந்தவரை மறைக்க வேறு வழி. காலடி, குரல், பாதங்கள், முழங்கால் ஆகிய எல்லாம் அஃறிணை, எனவே வந்தது, நின்றன, ஊன்றியது என்று எழுதலாம். இதிலும் ஓர் அளவு வேண்டும். எட்டு ஸ்லைடுகளிலும் உடல் உறுப்புகளே நடமாடினால், எழுதியவர் எதையோ ஒளிக்கிறார் என்று கூர்மையான வாசகருக்கு மூன்றாவதிலேயே தெரிந்துவிடும். நான்காவதில் “கலக்குகிறார்கள்” என்று ஆளையே எழுவாயாகக் கொண்டது அதற்காகத்தான். பலர்பால் விகுதி பேச்சு வழக்கில் ஒருவரையும் குறிக்கும் என்பதால் பால் வெளிப்படாமலே ஒரு மனிதர் வந்துவிடுகிறார். குழந்தைக்கு “விழித்துக்கொண்டது” என்பது இயல்பான வழக்கே.

சொல்பவரை மறைக்கும் வழியில் செய்யக்கூடாத ஒன்று, பொய் சொல்வது. இரண்டாவது ஸ்லைடில் “என் குழந்தை” என்று எழுதினால் பதற்றம் கூடும். ஐந்தாவதில் “இவளை யாரும் தொட விடமாட்டேன்” என்று ஒரு வரி சேர்த்தால் வாசகர் நெஞ்சு அடைத்துப் போவார். இரண்டும் பொய். திருப்பத்துக்குப் பிறகு திரும்பிப் படிக்கிறவர் அந்த வரியில் எழுத்தாளரைப் பிடித்துவிடுவார், அதற்குப் பிறகு அவருக்குக் கதையின் மீது மரியாதை இருக்காது. மறைக்கலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. இதைச் சரிபார்க்கக் கதையை எட்டிலிருந்து ஒன்றுக்குப் பின்னோக்கி, திருடனின் வாக்குமூலமாக நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இடறும் வரி எதுவோ அதுதான் மாற்ற வேண்டிய வரி.

கடைசி ஸ்லைடின் வாசகத்துக்கும் மூன்று வடிவங்களைப் பார்த்தேன். “அம்மா!” என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவது அழகானது. ஆனால் ஒளிந்திருந்தவர் பிரிந்து போன தந்தையாக இருக்கலாம் என்ற வாசிப்பையும் அது அனுமதிக்கிறது, கருத்துப் பகுதி முழுக்க “புரியவில்லை” என்றே நிரம்பும். “அன்று அந்த வீட்டுக்குத் திருட வந்தது நான்தான்” என்பது ஐயமே வைக்காது, ஆனால் வாசகர் தானே கண்டுபிடிக்க வேண்டியதைப் பறித்துவிடுகிறது. வளையல் நடுவழி. முதல் ஸ்லைடில் காட்டிய பையிலிருந்தே அது வருவதால் புதிதாக எதையும் நுழைக்கவில்லை. “அவளுடைய” என்ற ஒரே சொல் யார் வீடு, யார் நகை, யார் அந்நியர் என்ற மூன்றையும் தீர்த்துவிடுகிறது.

எத்தனை ஸ்லைடு என்ற கேள்விக்கு விரைவாகவே விடை சொல்லலாம். 2017இல் இந்த வசதி வந்தபோது பத்து வரை போடலாம் என்று இருந்தது, 2024இல் அது இருபது ஆனது. இருபது இருக்கிறது என்பதற்காக நீட்டத் தேவையில்லை. மூலையில் 1/8 என்ற எண்ணும் கீழே புள்ளிகளும் தெரிவதால், கதை எங்கே முடிகிறது என்பது வாசகருக்கு முன்பே தெரியும். 1/18 என்று பார்த்தவுடன் விலகுகிறவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த எண்ணால் இன்னொரு விளைவும் உண்டு: 7/8க்கு வந்தவர் அடுத்தது திருப்பம் என்று எதிர்பார்த்து உஷாராகிவிடுவார். சிலர் இதைத் தவிர்க்கத் திருப்பத்தை ஏழிலேயே வைத்து, எட்டில் அதன் பின்விளைவை வைக்கிறார்கள். வந்தவர் யார் என்பது மட்டுமே திருப்பமாக இருக்கும் கதைக்கு அது பொருந்தும். சொல்பவரே மாறும் கதையில் வாசகர் காத்திருப்பது வந்தவரின் முகத்துக்கு, அடி விழுவதோ வேறு பக்கத்திலிருந்து. ஆகவே அவர் உஷாராக இருப்பதால் நட்டம் இல்லை, கடைசியிலேயே வைக்கலாம்.

வடிவமைப்பில் திருப்பத்தைக் கெடுக்கும் இடங்கள் சில உண்டு. விரலால் பாதி தள்ளும்போதே அடுத்த ஸ்லைடின் இடது ஓரம் எட்டிப் பார்க்கும். “அம்மா!” என்பதை இடது ஓரத்தில் பெரிய எழுத்தில் வைத்தால், ஏழாவதில் நிற்கும்போதே அது கண்ணில் பட்டுவிடும். கடைசி ஸ்லைடுக்கு மட்டும் சிவப்புப் பின்னணி போடுவதும் அதே தவறு. எட்டும் ஒரே நிறம், ஒரே எழுத்தளவு, வாசகம் ஸ்லைடின் நடுப்பகுதியில் என்று வைப்பது பாதுகாப்பு. 1080 அகலம், 1350 உயரம் கொண்ட நெட்டு வடிவில், கைப்பேசியில் வசதியாகப் படிக்கும் அளவில், இருபது தமிழ்ச் சொற்கள் வரை தாராளமாக நிற்கும். அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டி வரும். இகர, உகரக் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டியே வைக்க வேண்டும். எல்லா ஸ்லைடுகளுக்கும் அடியில் தெரிவது தலைப்புக் குறிப்பின் முதல் வரிதான் என்பதால், அங்கே “ஒரு திருடனின் கதை” என்று எழுதிவிட்டால் மேலே செய்த அத்தனையும் வீண்.

இதே கதையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் வேறு தேர்வு செய்ய வேண்டும். அங்கே ஸ்லைடு தானாக நகர்ந்துவிடும், கரண்டிச் சத்தத்தின் மேல் வாசகர் நின்று யோசிக்க நேரம் இல்லை, 24 மணி நேரத்தில் மறைந்தும் போகும். எட்டையும் திரும்பிப் பார்க்க வைக்கும் திருப்பத்தை அங்கே செலவிட வேண்டாம். பொருளின் அர்த்தம் மாறும் எளிய திருப்பமும், ஸ்லைடுக்குப் பத்துச் சொல்லும், மொத்தம் ஐந்து ஸ்லைடும் அங்கே போதும்.